விழுந்துபோன ஒரு ‘இல்ல’: களப் பேட்டி வீடியோக்களைக் கையாளப்போகும் உதவியாளருக்கு ஒரு குறிப்பு

தம்பி,

அடுத்த வாரத்திலிருந்து பேட்டி வீடியோக்கள் எல்லாம் உங்கள் கைக்கு வருகின்றன. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த வேலையில் நான் செய்த ஒரு பெரிய தவறு, எனக்கு யாரும் எழுதி வைக்காததால் நடந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு, கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

வெள்ளத்தைப் பற்றிய பேட்டிகள் அவை. ஒரு பெரியவர் நாற்பது நிமிடம் பேசியிருந்தார். கேமராவின் கார்டில் அந்தப் பேட்டி நான்கு கோப்புகளாகக் கிடந்தது. நான் நான்கையும் தனித்தனியே எம்பி4 ஆக மாற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு, பகிர்வுக் காப்பகத்தில் ஏற்றிவிட்டேன். எழுத்தாக்கம் செய்தவரும் நான்கையும் தனித்தனியே கேட்டுத்தான் எழுதினார். இரண்டாம் கோப்பின் கடைசியில் பெரியவர் சொல்கிறார்: “தண்ணி வந்தப்போ நான் அங்க…” அத்தோடு கோப்பு முடிகிறது. மூன்றாவது கோப்பு, “என் தம்பிதான் எல்லாத்தையும் பார்த்தான்” என்று தொடங்குகிறது. எழுதியவர் முதல் வாக்கியத்தை “இருந்தேன்” என்று முடித்து, சதுர அடைப்புக்குள் போட்டிருந்தார். அவர் மேல் தவறில்லை. கேட்பதற்கு அப்படித்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, பெரியவரின் பேத்தி அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: “தாத்தா அன்னைக்கு ஊர்லயே இல்லையே, எப்படிப் பார்த்ததா எழுதியிருக்கீங்க?” பழைய வட்டில் கார்டின் முழுப் பிரதி இருந்தது. நான்கு மூலக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, தெளிவாக, ஒரே ஒரு சொல்: “இல்ல.”

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிறது. இல்ல, வரல, போகல, தெரியாது. வேகமாகப் பேசும்போது அது அரை நொடிகூட எடுத்துக்கொள்ளாது. வெட்டு அந்த இடத்தில் விழுந்தால், ஊரில் இல்லாதவர் நேரில் கண்ட சாட்சி ஆகிவிடுகிறார். அதனால்தான் கோப்பை மாற்றுவதை ‘சும்மா கன்வர்ட் பண்றது’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பதறும்.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நம்மிடம் இருப்பது ஏவிசிஎச்டி வகையில் பதியும் கேமரா. கார்டுக்குள் `PRIVATE/AVCHD/BDMV/STREAM` என்ற அடுக்கில் `00000.MTS`, `00001.MTS` என்று கோப்புகளை எழுதும். பதிவு நீண்டுகொண்டே போனால், கோப்பு ஓர் அளவை எட்டியதும் கேமரா அதை மூடிவிட்டு அடுத்ததில் தொடரும். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நம் கேமரா அதற்கும் முன்பே, 2 ஜிபி அருகில் வெட்டிவிடும். நொடிக்கு 24 மெகாபிட் என்ற தரத்தில் பதிந்தால், ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒரு வெட்டு. பேசுபவர் வாக்கியத்தை முடித்தாரா என்பது கேமராவுக்குத் தெரியாது. ஒரு சிறு ஒலித்துண்டின் முதல் பாதி முன் கோப்பின் வாலிலும், மறுபாதி அடுத்த கோப்பின் தலையிலும் கிடக்கும். தனித்தனியே மாற்றினால், பாதியாக நிற்கும் துண்டை மென்பொருள் இரண்டு பக்கமும் தள்ளிவிடும். முதலில் சேர்த்துவிட்டு மாற்றினால் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே வரிசை இதுதான்: முழுக் கார்டையும் பிரதி எடுப்பது, எந்தத் துண்டுகள் ஒரே பதிவு என்று பார்ப்பது, சேர்ப்பது, அதன் பிறகே மாற்றுவது.

பிரதி எடுக்கும்போது எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். `PRIVATE` அடைவு முழுக்க அப்படியே வரட்டும். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன `CPI`, `MPL` கோப்புகளில்தான் எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற விவரம் இருக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடைவு வேண்டும். கார்டை அழித்து மறுபடி போட்டால் கேமரா பெரும்பாலும் `00000.MTS` என்றே மறுபடி தொடங்கும். இரண்டு கார்டுகளை ஒரே அடைவில் கொட்டினால், “இந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றவா?” என்று கணினி கேட்கும். களைப்பில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால் காலையில் பேசியவர் போய்விடுவார். பிரதி எடுத்த கையோடு எம்டிஎஸ் கோப்புகளுக்குச் சரிபார்ப்புத் தொகையை, அதாவது ஒரு பைட் மாறினாலும் வேறாகிவிடும் எண்ணை, கணக்கிட்டு வைத்துவிடுங்கள்:

```
sha256sum *.MTS > ~/card_A.sha256
sha256sum -c ~/card_A.sha256
```

முதல் வரியைக் கார்டின் `STREAM` அடைவுக்குள் ஓட்டுங்கள், விடை கணினியில் உங்கள் முகப்பு அடைவில் சேமிக்கப்படும். இரண்டாவது வரியைப் பிரதியின் `STREAM` அடைவுக்குள் ஓட்டுங்கள். எல்லா வரியிலும் `OK` என்று வர வேண்டும். வேறுவேறு வட்டுகளில் இரண்டு பிரதிகளும் அப்படித் தேறும் வரை கார்டை யாரும் அழிக்கக் கூடாது. களத்துக்குக் கிளம்பும் ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் சரி, வேறு கார்டைக் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்து, எவை ஒரே பதிவு என்று பார்ப்பது. அந்தப் பெரியவரின் கார்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு கோப்புகள். `00000`, `00001`, `00002` மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 2 ஜிபியை ஒட்டி. `00003` மட்டும் 900 எம்பி. அப்புறம் `00004` மறுபடி 2 ஜிபி, `00005` சிறியது. முழு அளவுக்கு நிரம்பிய கோப்பு என்றால் கேமரா தானாக வெட்டியது. அடுத்ததில் தொடர்ச்சி இருக்கிறது. குறைந்த அளவில் நிற்கும் கோப்பு என்றால் யாரோ பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே முதல் நான்கும் ஒரு பேட்டி, கடைசி இரண்டும் இன்னொன்று. மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு, கடைசித் துண்டு ஐந்து நிமிடம். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம் வர வேண்டும். களக் குறிப்பேட்டிலும் ‘சுமார் 40 நிமிடம்’ என்று இருந்தது. அளவு, நேரம், குறிப்பேடு மூன்றும் ஒத்துப்போனால் சேர்க்கலாம்.

```
cat 00000.MTS 00001.MTS 00002.MTS 00003.MTS > vel_2019-08-14_01_c1.mts
```

விண்டோஸ் கணினியில் இதே வேலைக்கு:

```
copy /b 00000.MTS+00001.MTS+00002.MTS+00003.MTS vel_2019-08-14_01_c1.mts
```

அந்த `/b` முக்கியம். அதை விட்டுவிட்டால், பல கோப்புகளைச் சேர்க்கும்போது கணினி அவற்றை வெறும் எழுத்துக் கோப்புகளாக எண்ணிக்கொள்ளும். உள்ளே ‘கோப்பு முடிந்தது’ என்று பொருள்படும் ஒரு பைட் தற்செயலாக வந்தாலே அங்கே நிறுத்திவிடும். பிழை என்று எதுவும் காட்டாது, கோப்பு மட்டும் சின்னதாக இருக்கும். அதனால் சேர்த்த கோப்பின் அளவு, நான்கின் கூட்டுத்தொகைக்குப் பைட் பிசகாமல் சமமா என்று பாருங்கள்.

இந்தச் சேர்ப்பு தொடர் பதிவின் துண்டுகளுக்கு மட்டும்தான். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கிய இரண்டு பதிவுகளை இப்படி ஒட்டினால் உள்ளிருக்கும் நேர முத்திரைகள் தாவும். மாற்றும்போது `DTS` என்ற சொல்லோடு எச்சரிக்கை வரிகள் திரையில் ஓடும். ஒட்டிய இடத்திலிருந்து உதடும் குரலும் பிரிந்துபோகலாம். பேசியவர் தண்ணீர் குடிக்க எழுந்ததால் நிறுத்தியிருந்தாலும் அவை இரண்டு பதிவுகள்தான். இரண்டு எண் கொடுங்கள், அட்டவணையில் ‘இதன் தொடர்ச்சி’ என்று எழுதுங்கள்.

சேர்த்த எம்டிஎஸ் கோப்புதான் நமக்கு மூலம். அதை மாற்றி எழுதுவதே இல்லை. மற்றவர்கள் பார்ப்பதற்கும் எழுத்தாக்கத்துக்கும் ஒரு பார்வைப் பிரதி செய்கிறோம்:

```
ffmpeg -i vel_2019-08-14_01_c1.mts -map 0:v:0 -map 0:a \
  -vf bwdif -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p \
  -c:a aac -b:a 192k -movflags +faststart \
  vel_2019-08-14_01_c1.mp4
```

இதில் இரண்டு இடங்களை மட்டும் விளக்குகிறேன். `bwdif` என்பது இடைவரிப் பதிவைச் சீராக்குவது. நம் கேமரா ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு நொடித்துளியிலும், இரட்டைப்படை வரிகளை அடுத்த துளியிலும் பதிகிறது. சீராக்காவிட்டால், பேசுபவர் கையை வீசும் இடத்தில் விரல்கள் சீப்புப் பல்லாகத் தெரியும். முகத்தைப் பார்த்தால் தெரியாது, அசைகிற கையைப் பாருங்கள். செல்போனில் எடுத்தவற்றுக்கு இது தேவையில்லை.

`-map 0:a` என்பது கோப்பில் உள்ள எல்லா ஒலித்தடங்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்வது. `-map` எதையுமே சொல்லாவிட்டால் மென்பொருள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும். நாம் பெரும்பாலும் சட்டை மைக்கை இடப்பக்கமும் கேமரா மைக்கை வலப்பக்கமும் பதிகிறோம். கேட்க ஒரு பக்கமாக இருக்கிறதே என்று இரண்டையும் கலந்து ஒற்றைத் தடமாக்கிவிடாதீர்கள். ஒரே குரல் இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்வதால், கலந்தால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். பிரித்தெடுக்கவும் முடியாது.

மாற்றி முடிந்ததும் நீளத்தைப் பாருங்கள்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 vel_2019-08-14_01_c1.mp4
```

அதோடு விடாமல், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒட்டிலும் முன்னும் பின்னும் பத்து நொடி கேளுங்கள். நாற்பது நிமிடப் பேட்டிக்கு மூன்று ஒட்டு, மொத்தம் ஒரு நிமிட வேலை. நீளம் சரியாக வந்தும் ஒலி விழுந்திருக்கலாம். எண்ணில் பிடிபடாதது காதில் பிடிபடும்.

இந்த வேலையில் ஓர் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்: தொடக்கத்தை வெட்டிவிடும் ஆசை. எல்லாப் பேட்டியின் தொடக்கத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் கேமராவைச் சரிசெய்வது, தேதி சொல்வது, சம்மதம் கேட்பது என்று போகும். அதை நீக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்தாக்கம் எலான் மென்பொருளில் நடக்கிறது. அதில் ஒவ்வொரு வாக்கியமும் கோப்பின் தொடக்கத்திலிருந்து இத்தனை மில்லி நொடி என்றுதான் கட்டப்பட்டிருக்கும். தலையில் தொண்ணூறு நொடியை வெட்டினால், எல்லா வாக்கியமும் தொண்ணூறு நொடி தள்ளிப்போய் நிற்கும். மூலம், பார்வைப் பிரதி, ஒலிக்கென்று தனியே எடுக்கும் வேவ் கோப்பு எல்லாமே ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிய வேண்டும்.

அப்படியானால் சம்மதம் கேட்கும் இடத்தில் பேசுபவர் தன் முழுப் பெயரையும் ஊரையும் சொல்கிறாரே, அதை எப்படிப் பொதுவில் வைப்பது என்று கேட்பீர்கள். வெட்டாமல் ஒலியை மட்டும் அணைத்துவிடுகிறோம். அந்தப் பெரியவர் 41-ஆவது நொடியிலிருந்து 47 வரை பெயரைச் சொல்கிறார்:

```
ffmpeg -i vel_2019-08-14_01_c1.mp4 -map 0 -c:v copy \
  -af "volume=0:enable='between(t,41,47)'" -c:a aac -b:a 192k \
  vel_2019-08-14_01_c1_red.mp4
```

ஆறு நொடி மௌனம் இருக்கும், நீளம் மாறாது. ஒன்றுக்கு மேல் ஒலித்தடம் இருக்கும் கோப்பில் எல்லாத் தடமும் அணைந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொல்லும்போது அடையாள அட்டையை கேமராவுக்கு நேரே காட்டியவர்களும் உண்டு. அதற்கு இது போதாது, என்னிடம் கொண்டு வாருங்கள். எழுத்தாக்கக் கோப்பில் அதே பெயர் எழுத்தில் உட்கார்ந்திருக்கும், அதையும் மறந்துவிடாதீர்கள். வீடியோவில் மறைத்துவிட்டு எழுத்தில் அப்படியே விட்ட பேட்டி ஒன்று என் கையிலேயே நடந்திருக்கிறது.

இனி பெயர். மேலே பார்த்த `vel_2019-08-14_01_c1` என்பதைப் பிரித்தால்: வெள்ளத் திட்டத்தின் மூன்றெழுத்துக் குறி, பதிவான தேதி, அன்றைய எத்தனையாவது பதிவு, எந்தக் கேமரா. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால்தான் அடைவில் தானாகக் கால வரிசையில் நிற்கும். எண்ணை இரண்டு இலக்கமாக எழுதுங்கள். வெறும் 2 என்று எழுதினால் சில இடங்களில் 10-க்குப் பின்னால் போய் நிற்கும். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, இடைவெளி கிடையாது.

தமிழுக்காக உழைக்கிற நாமே ஏன் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்று எனக்கும் ஆதங்கம் இருந்தது. வைத்தும் பார்த்தேன். ‘கொள்ளிடம்’ என்று தொடங்கும் ஒரு கோப்பு அடைவில் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அட்டவணையோடு ஒப்பிடும் நிரல் ‘இல்லை’ என்கிறது. எழுத்து எழுத்தாகப் பார்த்தும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காரணம் ‘கொ’. அதில் வரும் ஒகரக் குறியைக் கணினி இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். பழைய மேக் வட்டுகள் பெயரைச் சேமிக்கும்போதே அதை இரண்டாகப் பிரித்துவிடும். நான் அட்டவணையில் தட்டியது ஒரே குறி. கொ, கோ, கௌ மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இதுபோக, தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். லினக்ஸ் வட்டுகளில் பெயருக்கு 255 பைட்தான் இடம் என்பதால் எண்பத்தைந்து குறிகளில் நிரம்பிவிடும். அதனால் கோப்பின் பெயர் எண்ணும் குறியுமாக இருக்கட்டும். தலைப்பு, ஊர், பேசிய பொருள் எல்லாம் அட்டவணையில் அழகான தமிழில் முழுமையாக இருக்கட்டும்.

பெயரில் சேர்க்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, பேசியவரின் பெயர். வீடியோவை யாருக்கும் திறக்காவிட்டாலும் கோப்பின் பெயர் பட்டியல்களிலும் மின்னஞ்சல்களிலும் சுற்றும். பேசியவருக்கு `S014` போல ஒரு குறி உண்டு. குறியையும் ஆளையும் இணைக்கும் பட்டியல் காப்பகத்துக்கு வெளியே, பூட்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டாவது, யார் பார்க்கலாம் என்ற அனுமதி நிலை. முதலில் ‘பொது’ என்றவர் அடுத்த வருடம் ‘ஆய்வாளர்கள் மட்டும் பார்க்கட்டும்’ என்பார், அது அவர் உரிமை. பெயரில் ‘பொது’ என்று இருந்தால் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும். மாற்றினால் எலான் கோப்பு தன் வீடியோவைத் தேடிக்கொண்டு நிற்கும், கட்டுரைகளில் காட்டிய குறிப்பு எல்லாம் அறுந்துபோகும். மேலே `_red` என்று போட்டோமே என்றால், அது மறைப்பு செய்த பிரதி என்று கோப்பின் தன்மையைச் சொல்கிறது. கோப்பு எது என்பது பெயரில் இருக்கலாம். யாருக்கு என்பது அட்டவணையில் மட்டும். பெயர் வைக்கும் வேலை எழுத்தாக்கத்துக்கு அனுப்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெயர் மாறாது.

கடைசியாக அட்டவணை. பத்திகள் பலவற்றை நிரப்புவது எளிது: பேசியவரின் குறி, பேட்டி எடுத்தவர், மொழி (`tam` என்ற குறி), கருவி, நீளம், சரிபார்ப்புத் தொகை. உங்கள் நேரத்தைத் தின்னப்போவது தேதிப் பத்திதான்.

கணினி காட்டும் ‘மாற்றப்பட்ட தேதி’யை நம்பாதீர்கள், அது பிரதி எடுத்த நாளாக இருக்கலாம். கேமரா பதிந்த தேதி எம்டிஎஸ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, எம்பி4 ஆக மாற்றும்போது அது போய்விடும். மூலத்தைக் காப்பாற்ற இன்னொரு காரணம் இது. அதைப் படிக்க:

```
exiftool -DateTimeOriginal 00000.MTS
```

இதுவும் கேமராவின் கடிகாரம் சொல்வதுதான். பேட்டரி முழுவதும் இறங்கிப் போனால் சில கேமராக்கள் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி 1-க்குப் போய்விடும். பெரியவரின் கார்டும் அப்படித்தான் இருந்தது: ஜனவரி 1, நள்ளிரவு கடந்து 12 நிமிடம். ஆனால் பேட்டியின் தொடக்கத்தில் எங்கள் ஆள் வாயால் சொல்கிறார்: “ஆகஸ்ட் பதினாலு, காலைல பத்து மணி பத்து நிமிஷம்.” இந்த ஒரு நொடி போதும். கடிகாரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணக்கிட்டால், அந்தக் கார்டில் உள்ள மற்றக் கோப்புகளுக்கும் அதே வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளலாம். `00004` ஜனவரி 1, ஒரு மணி இரண்டு நிமிடம் என்றது. ஐம்பது நிமிடம் கழித்து, அதாவது பதினொரு மணிக்கு. குறிப்பேட்டிலும் இரண்டாவது பேட்டி பதினொன்றுக்குத்தான். நடுவில் பேட்டரி மறுபடி இறங்கி கடிகாரம் மீண்டும் சுழியத்துக்குப் போகவில்லை என்பதை மட்டும் பாருங்கள். நேரம் பின்னோக்கித் தாவியிருந்தால் அது நடந்திருக்கிறது.

தேதிக்குப் பக்கத்தில் ‘எதிலிருந்து’ என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். வாய்மொழி, குறிப்பேடு, கேமரா: இவற்றில் எது என்று எழுதுங்கள். எதுவுமே இல்லையென்றால் ஊகித்து நிரப்பாதீர்கள். மாதம் மட்டும் தெரிந்தால் `2019-08` என்றே எழுதலாம், கோப்பின் பெயரில் நாளுக்கு `00` போடுங்கள். காலியாக இருக்கும் கட்டத்தை என்றாவது யாராவது நிரப்புவார்கள். ஊகித்து எழுதிய தேதியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

அனுமதிப் பத்தியை வீடியோவைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். தாளில் ‘சம்மதம்: ஆம்’ என்று ஒரு கட்டம்தான் இருக்கும். ஆனால் பேசுபவர் நடுவில், “இது உங்க பாட்டுக்கு வெச்சுக்கங்க, வெளிய போட வேண்டாம்” என்று சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட இடங்களை நேரத்தோடு குறித்து, அவர் சொன்ன சொற்களை அப்படியே அட்டவணையில் எழுதுங்கள். ‘பகுதித் தடை’ என்று சுருக்கினால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அவர் எதைக் கேட்டுக்கொண்டார் என்று தெரியாது.

மேசை இழுப்பறையில் நீல உறையில் மூன்று கார்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏ, பி இரண்டும் சரிபார்த்து முடிந்தவை, பயமில்லாமல் தொடங்கலாம். சி கார்டு ஒரு வட்டில் மட்டும்தான் பிரதியாகியிருக்கிறது. திங்களன்று முதல் வேலையாக அதன் இரண்டாவது பிரதியை எடுத்துவிடுங்கள். அதில் `00002.MTS` முழு அளவுக்கு நிரம்பியிருக்கிறது, ஆனால் `00003` கார்டில் இல்லை. தொடர்ச்சி வேறு கார்டுக்குப் போனதா, அழிந்ததா என்று குறிப்பேட்டில் 41-ஆம் பக்கத்தைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பேட்டியை எழுத்தாக்கத்துக்கு அனுப்ப வேண்டாம். அந்த அம்மா வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை.